பெண் பார்க்க வரும் நாளை மாற்றிக் கேட்பது எப்படி?

கேள்வி: நாங்கள் கும்பகோணம். தரகர் மூலம் வந்த கோயம்புத்தூர் இடம், ஜாதகம் பொருந்தி, வருகிற ஞாயிற்றுக்கிழமை (ஆனி 21) காலை பெண் பார்க்க வருவதாகப் பேசி முடித்தாகிவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் நேற்று ராத்திரி போன் செய்து, இந்த சனி ஞாயிறு ஆபீசில் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறாள். தரகரிடம் சொல்லிவிட்டால் போதும் என்கிறார் என் வீட்டுக்காரர். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்கிறார் நாத்தனார். அவர்கள் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது?

பதில்:

தரகரும் வேண்டாம், மாமியாரின் உடம்பும் வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் நாளைக் காலை பையனின் அப்பாவிடம் நேரடியாகப் பேசி, உண்மைக் காரணத்தைச் சொல்லி, அதே பேச்சில் வேறு நாளையும் கேட்க வேண்டும். ஆனால் அந்தப் போனை எடுப்பதற்கு முன் வீட்டுக்குள் முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது.

நம் ஊரில் வரன் பேச்சில் யாரும் "வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்", "இப்போதைக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம்", "பாட்டிக்கு முடியவில்லை" என்றுதான் சொல்வார்கள். கேட்பவர்களும் அதைப் புரிந்துகொண்டு அடுத்த ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுவார்கள். அதனால் நாள் தள்ளுகிற பேச்சு எங்கே வந்தாலும் முதலில் அது மறுப்பாகத்தான் காதில் விழும். கோயம்புத்தூர்க்காரர்கள் கோபப்படுவார்களோ என்பது அடுத்த கவலை. "இவர்களுக்கு வேறு நல்ல இடம் வந்துவிட்டது போலிருக்கிறது", "பெண்ணுக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது" என்று அவர்கள் முடிவுகட்டிவிடுவதுதான் உண்மையான ஆபத்து. நீங்கள் சொல்லப்போகும் ஒவ்வொரு வார்த்தையும் இந்த இரண்டு சந்தேகத்துக்கும் இடம் கொடுக்காமல் இருக்க வேண்டும்.

முதலில் மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கூட விடுபட முடியாதா? பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டில் இருப்பது ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கக்கூடிய வேலை என்றால் வெள்ளி ராத்திரி பஸ்ஸில் ஏறி வந்து இங்கிருந்தே பார்த்துவிடலாம். அப்படிச் சமாளிக்க வழியிருந்தால் நாளை மாற்றவே வேண்டாம். ஆனால் நடுவில் போன் வந்து பாதியில் எழுந்து போக வேண்டியிருக்கும், தூக்கமில்லாத முகத்தோடு உட்கார்ந்திருப்பாள் என்றால் மாற்றுவதுதான் சரி. முதல் தடவை பார்க்கிறவர்கள் அந்தக் களைப்பை வேலைக் களைப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விருப்பமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பார்கள்.

அதோடு, காரணம் முழுக்க ஆபீஸ்தானா என்பதையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். அவளுக்கு இந்த இடத்தில் தயக்கம் இருந்து, ஆபீசைச் சாக்காகச் சொல்கிறாள் என்றால் தேதி மாற்றுவது தீர்வே இல்லை. அடுத்த வாரமும் ஒரு காரணம் வரும். அப்போது அவமானம் இரண்டு வீட்டுக்கும்.

அடுத்து புது நாள். இதைத் தயாராக வைத்துக்கொள்ளாமல் போன் செய்யவே கூடாது. "இந்த வாரம் முடியாது, அப்புறம் சொல்கிறோம்" என்பதைத்தான் வேண்டாம் என்பவர்களும் சொல்வார்கள். நாளோடு கேட்டால் மட்டுமே அது நாள் மாற்றம்.

உங்கள் விஷயத்தில் காலண்டர் கொஞ்சம் நெருக்குகிறது. ஆனி 21 ஞாயிறு என்றால் அடுத்த ஞாயிறு ஆனி 28. அதற்கடுத்த ஞாயிறு வருவதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் கல்யாணப் பேச்சைத் தொடங்க மாட்டோம் என்கிற வீடுகள் காவிரிக் கரையிலும் உண்டு, கொங்குப் பக்கமும் உண்டு. ஆக, ஆனி 28ஐ விட்டால் ஆவணிதான். நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் சும்மா கிடந்தால் தரகர் இரண்டு பக்கமும் வேறு ஜாதகம் கொண்டுவந்துவிடுவார். எனவே ஆனி 28 ஞாயிறை முதல் நாளாகவும், 27 சனியைப் பதில் நாளாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளிலும் மகள் ஊரில் இருப்பாள் என்பதை, முடிந்தால் பஸ் டிக்கெட்டை எடுத்தே, உறுதிசெய்துகொள்ளுங்கள். தாய்மாமன் வர முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். மாற்றிய நாளில் தாய்மாமனுக்கு வேறு விசேஷம் இருப்பது கடைசி நேரத்தில் தெரியவந்து மறுபடி போன் செய்கிற கதை நிறைய வீடுகளில் நடக்கிறது. அதற்குப் பெயர் இரண்டாவது தள்ளல். அதை அனேகமாக எந்த இடமும் தாங்காது.

பிறகு பஞ்சாங்கத்தைப் பாருங்கள். நீங்கள் பெரிதாகப் பார்க்காவிட்டாலும் அவர்கள் பார்க்கலாம். அஷ்டமி, நவமி, கரிநாள் இல்லாமல் இருக்கிறதா என்று தினசரி காலண்டரிலேயே தெரியும். ஞாயிறு பகல் 12 முதல் 1.30 வரை எமகண்டம், மாலை 4.30 முதல் 6 வரை ராகுகாலம். அதனால் காலை 10.30க்கு மேல் 12க்குள் என்று வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை என்றால் 9 முதல் 10.30 வரை ராகுகாலம், 1.30 முதல் 3 வரை எமகண்டம். இடையில் இருக்கிற மூன்று மணி நேரம் தாராளம். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கும் அந்த நேரம் வசதி.

இதில் பலரும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. பையனின் ஜாதகம் உங்கள் கையில்தான் இருக்கிறது. அவருடைய ராசிக்கும் சந்திராஷ்டமம் பார்த்துவிடுங்கள். சந்திரன் ராசிக்கு எட்டாம் இடத்தில் நிற்கிற இரண்டேகால் நாள் அது. பையனுக்கு ரிஷப ராசி என்றால் சந்திரன் தனுசில் இருக்கும் நாட்கள், அதாவது மூலம், பூராடம், உத்திராடம் முதல் பாதம். மகளுக்குக் கன்னி என்றால் சந்திரன் மேஷத்தில் இருக்கும் நாட்கள். அந்த நாள் இல்லாமல் பார்த்து, "மாப்பிள்ளை ராசிக்கும் பார்த்துட்டோம்" என்று ஒரு வரி சொன்னால், எதிர்ப்பக்கத்து அம்மாவுக்கு அதைவிடப் பெரிய சமாதானம் கிடையாது. விருப்பமில்லாத வீட்டில் யாரும் பையனின் ராசியை எடுத்துவைத்து நாள் பார்க்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இப்போது யார் பேசுவது என்பது. தரகர் முதலில் வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவர் இந்தச் செய்தியைத் தன் பாஷையில்தான் சொல்வார். "பொண்ணுக்கு லீவு கிடைக்கலையாம், வேற நாள் பாத்துக்கலாமாம்" என்று அந்த 'ஆம்' போட்டுச் சொன்னாலே அலட்சியமாகிவிடும். எதிர்ப்பக்கம் "ஏன், என்ன விஷயம்?" என்று துருவிக் கேட்டால் பதில் சொல்ல அவரால் முடியாது, யோசித்து ஏதாவது ஒன்றைச் சேர்ப்பார். வருகிறோம் என்று உங்களிடம் வாய்விட்டுச் சொன்னவர் பையனின் அப்பா. அதை மாற்றிக் கேட்க வேண்டியவர் அதே நிலையில் இருக்கிற பெண்ணின் அப்பா. உங்கள் மகனோ தம்பியோ எவ்வளவு பக்குவமாகப் பேசுகிறவராக இருந்தாலும் முதல் போன் அவர்களுடையதாக இருக்கக் கூடாது. அப்பா இல்லாத வீட்டில் தாய்மாமனோ பெரியப்பாவோ பேசலாம்.

அப்பா பேசி முடித்த அரைமணி ஒரு மணி நேரத்துக்குள் நீங்கள் பையனின் அம்மாவிடம் பேச வேண்டும். ஆண்கள் பேசும்போது "சரி" என்று முடிந்துவிடும். மனத்தாங்கல் இருப்பது அம்மாவிடம்தான் தெரியும். அங்கே புடவை எடுத்து வைத்திருப்பதும், நாத்தனாரை வரச் சொல்லியிருப்பதும், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டதும் அவர்தான்.

கூப்பிடும் முறையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். இன்னும் எதுவும் உறுதியாகாத நிலையில் "சம்பந்தி" என்று கூப்பிடுவது அவசரம். உங்கள் வீட்டுக்காரர் பையனின் அப்பாவை "அண்ணா" என்பதும் சரிவராது. அவர்கள் இருவரும் அண்ணன் தம்பி என்றால் பிள்ளைகள் அண்ணன் தங்கை ஆகிவிடுவார்கள். முறை பார்க்கிற பெரியவர்கள் இதைச் சொல்லாவிட்டாலும் மனதில் குறித்துக்கொள்வார்கள். "ஐயா" அல்லது "சார்" போதும். நீங்கள் பேசும்போது பையனின் அப்பாவை "அண்ணா" எனலாம், முறை சரியாகவே வருகிறது. அதே கணக்கில் பையனின் அம்மாவை "அக்கா" என்றால் தவறு. "அண்ணி" என்பதுதான் முறை. அதைச் சொல்ல இப்போதே வாய் வரவில்லை என்றால் வெறுமனே "வாங்க போங்க" என்று பேசிக்கொள்ளுங்கள்.

எப்போது பேசுவது? இன்றைக்குச் செவ்வாய். நாளை காலைக்கு மேல் தாமதிக்காதீர்கள். ஐந்தாறு மணி நேரப் பயணம் வருகிறவர்கள் வியாழன் வெள்ளிக்குள் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள், பையன் வெளியூரில் இருந்தால் டிக்கெட் எடுத்திருப்பார், வருகிற ஐந்து பேரோ ஏழு பேரோ தங்கள் வேலையை ஒதுக்கியிருப்பார்கள். புதனன்று சொன்னால் அதில் பாதியை மாற்றிக்கொள்ளலாம். வெள்ளி ராத்திரி சொன்னால் எல்லாமே நஷ்டம். பணத்தை விட, வருவதாக இருந்த அத்தை மாமாவிடம் அவர்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். மனஸ்தாபம் அங்கேதான் தொடங்குகிறது. புதன்கிழமை காலை 7.30 முதல் 9 வரை எமகண்டம், பகல் 12 முதல் 1.30 வரை ராகுகாலம். 10 மணி வாக்கில் கூப்பிடுவது நல்லது. விளக்கு வைக்கிற நேரத்தில் மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் வந்த மாற்றச் செய்தியைச் சகுனமாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

காரணத்துக்கு வருவோம். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றால் உடனே நடப்பது இதுதான்: அவர்கள் என்ன ஆஸ்பத்திரி, என்ன வியாதி என்று கேட்பார்கள். அக்கறையோடு மறுநாளும் கேட்பார்கள். சமாளிக்க ஒரு பொய்யோடு நிற்காது. அடுத்த வாரம் வந்து பார்த்தால் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். உடம்பு சரியில்லை என்பது மறுப்புக்கு வழக்கமாகச் சொல்கிற சாக்கு என்பதால் நம்பிக்கையும் குறைவு. இன்னொரு விதமாகவும் அது திரும்பும், "அந்தக் குடும்பத்தில் ஏதாவது பரம்பரை வியாதியோ" என்று. மகளுக்கே உடம்பு சரியில்லை என்று சொல்வது இதைவிட மோசம். அதைச் சொல்லவே கூடாது.

உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் அளவோடு. ஒரே காரணம், அது எந்தத் தேதியோடு முடிகிறது என்கிற விவரம், அவ்வளவுதான். ஆபீசில் புது சிஸ்டத்துக்கு மாறுகிறார்கள், அந்த சனி ஞாயிறு இரண்டு நாளும் அவள் குழு முழுக்க இருந்தாக வேண்டும், திங்களோடு முடிந்துவிடும் என்று சொன்னால் புரியும். "லீவு கிடைக்கலை" என்று மொட்டையாகச் சொன்னால், கேட்டுப் பார்த்தாளா இல்லையா என்கிற கேள்வி வரும். இரண்டு மூன்று காரணங்களை அடுக்கினால் எதுவுமே உண்மையில்லை என்று தோன்றும். ஆபீஸ் காரணத்தில் ஒரு முள் இருக்கிறது. "கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைதான் முக்கியம்னு இருப்பாளோ" என்று பையனின் அம்மாவுக்குத் தோன்றலாம். வருஷத்தில் ஓரிரு தடவைதான் இப்படி வரும் என்பது உண்மையானால் அதைச் சொல்லிவிடுங்கள். உண்மையில்லை என்றால் சொல்லாதீர்கள். அது பிறகு இரண்டு பேரும் பேசித் தெளிய வேண்டிய விஷயம்.

பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கலாம்.

"ஐயா வணக்கம், கும்பகோணத்துலேர்ந்து பொண்ணோட அப்பா பேசறேன். இப்பப் பேசலாங்களா, கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடட்டுமா?"

"சொல்லுங்க, சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை விஷயமாத்தான். எங்களுக்கு உங்க இடம் மனசுக்குப் பிடிச்சிருக்கு, அதுல எந்த மாத்தமும் இல்ல. நாள்ல மட்டும் ஒரு சிக்கல். பொண்ணு ஆபீஸ்ல இந்த சனி ஞாயிறு புது சிஸ்டத்துக்கு மாத்தறாங்க, இவ டீம்ல எல்லாரும் ரெண்டு நாளும் அங்கேயே இருக்கணும். முந்தாநாள் ராத்திரிதான் சொன்னா. நீங்க அவ்வளவு தூரம் வந்து, பொண்ணு இல்லாம இருந்தா நல்லா இருக்காது. அதான் உங்ககிட்டக் கேட்டுட்டுச் செய்யலாம்னு."

"அப்படிங்களா... நாங்க வண்டியெல்லாம் சொல்லிட்டமுங்களே."

"தெரியுங்க. உங்களுக்கு இது சிரமந்தான், மன்னிச்சுக்கணும். வர்ற 28ஆம் தேதி ஞாயித்துக்கிழமை காலையில பத்தரைக்கு மேல நல்லா இருக்கு. மாப்பிள்ளை ராசிக்கும் பார்த்துட்டோம். சனிக்கிழமை சௌகரியம்னாலும் சரி. ரெண்டுல உங்களுக்கு எது தோது? வேற நாள் நீங்க சொன்னாலும் பார்த்துக்கலாம்."

"சரிங்க, வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றனுங்க."

"அவசரமில்லீங்க. நாளைக்குச் சாயந்திரம் நானே கூப்பிடறேன்."

இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். இடம் பிடித்திருக்கிறது என்பது சிக்கலுக்கு முன்னால் வருகிறது. பின்னால் சொன்னால் சமாதானம் மாதிரி இருக்கும். "வர வேண்டாம்", "கேன்சல்", "முடியாது" என்கிற வார்த்தை எங்கேயும் வரவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே "போறேன்" என்னாமல் "போயிட்டு வர்றேன்" என்கிறவர்கள் நாம், கல்யாணப் பேச்சில் இந்த வார்த்தைகள் எவ்வளவு உறுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாவது, அவர் வண்டியைப் பற்றிச் சொன்னபோது "அந்தப் பணத்தை நாங்க கொடுத்துடறோம்" என்று சொல்லவில்லை. நல்லெண்ணத்தில்தான் பலர் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் உறவாகாத வீட்டில் பணத்தை நீட்டுவது, கணக்கை முடித்துக்கொள்வது போல் ஆகிவிடும். சிரமம் கொடுத்ததை ஒப்புக்கொள்வதே அங்கே போதும். பையன் வெகு தூரத்திலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டார், அவருக்கு அடுத்த வாரம் லீவு கிடையாது என்று தெரியவந்தால் மட்டும் பேச்சை அங்கேயே முடிக்காமல், "மகளிடம் இன்னொரு தடவை கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லி, அவள் மேலதிகாரியிடம் ஞாயிறு காலை அரைநாளாவது கேட்டுப் பார்க்கச் செய்யுங்கள்.

பதிலில் மனம் தெரியும். "28ஆ, எத்தனை மணிக்கு வரணும்?", "பொண்ணு எந்த பஸ்ல வருது?" என்று விவரம் கேட்டால் மனதில் ஒன்றுமில்லை. "சரிங்க, உங்க சௌகரியம்", "பார்க்கலாங்க, நாங்களே கூப்பிடறோம்" என்று நாளைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் முடித்தால் உறுத்தியிருக்கிறது. அப்போது நீங்கள் திரும்பத் திரும்பக் கூப்பிடக் கூடாது. சொன்னபடி மறுநாள் ஒரு தடவை கூப்பிடுங்கள். அப்போதும் நழுவினால் இரண்டு நாள் விட்டு, இரு குடும்பத்துக்கும் தெரிந்த ஒருவர் மூலமாகவோ தரகர் மூலமாகவோ, "பெண் வீட்டுக்காரங்க உண்மையாத்தான் இருக்காங்க, 28க்கு எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டாங்க" என்று சொல்லவைக்கலாம். தரகர் உதவுகிற இடம் இதுதான். நேரில் சொல்ல முடியாத வருத்தத்தையும் அவரிடம் அவர்கள் சொல்வார்கள்.

"ஆரம்பத்துலயே தடங்கலா இருக்கே" என்று அந்த அம்மா சொன்னால், இதெல்லாம் மூடநம்பிக்கை என்று வாதாடாதீர்கள். கலங்கிப்போய் பரிகாரம் கேட்கவும் வேண்டாம். "தடங்கல்னு நினைக்காதீங்க, அவ மனசு நிம்மதியா இருக்கற நாளாப் பார்த்து மாத்திக்கிட்டோம், அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் கோயிலில் பூப்போட்டுப் பார்க்கிறோம் என்றால் பார்க்கட்டும்.

நாள் உறுதியானதும் உடனே தரகருக்குச் சொல்லுங்கள். அவர் மற்றவர்கள் வாயால் கேள்விப்பட்டால் அவருக்கு மரியாதைக் குறைவு, அதோடு அவரே தவறாக ஒன்றைப் பரப்பவும் கூடும். பையனின் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்புங்கள்: "ஐயா, வணக்கம். பேசினபடி ஆனி 28 ஞாயிறு காலை 10.30க்கு மேல் குடும்பத்தோடு வந்து சிறப்பிக்க வேண்டுகிறோம். எங்கள் சிரமத்தைப் புரிந்துகொண்டதற்கு நன்றி." இது பேச்சுக்குப் பிறகு அனுப்புகிற உறுதி. பேச்சுக்குப் பதிலாக இதை அனுப்பினால் எல்லாம் கெட்டுவிடும்.

மகளும் பையனும் ஏற்கெனவே நம்பர் வாங்கிப் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இப்போது அது சகஜம். அப்படியானால் பெரியவர்கள் பேசும் வரை அவள் அவரிடம் சொல்லக் கூடாது. பையன் வாயால் அவன் அம்மாவுக்கு முதலில் தெரிந்துவிட்டால், பிறகு உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் பழைய செய்திதான். பெரியவர்கள் பேசின பிறகு அவளும் "என்னால உங்க எல்லாருக்கும் சிரமம், அடுத்த ஞாயிறு கண்டிப்பா ஊர்ல இருப்பேன்" என்று ஒரு வரி அனுப்பினால் மிக நல்லது. பெண்ணுக்கு விருப்பமில்லையோ என்கிற சந்தேகத்தை வேறெந்த விளக்கமும் இந்த அளவுக்குப் போக்காது. இன்னொன்று, அந்த சனி ஞாயிறு அவள் தோழிகளோடு எடுத்த பழைய படத்தைக்கூட ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம். பார்ப்பவர்களுக்கு அது பழையது என்று தெரியாது.

புது நாளுக்கு மூன்று நான்கு நாள் முன்பு, வியாழன் வாக்கில், மறுபடியும் முறையாக அழைக்க வேண்டும். இதைத்தான் அனேகம் பேர் மறக்கிறார்கள். முதலில் அழைத்தாகிவிட்டதே என்று இருந்துவிடுவார்கள். ஆனால் நாள் மாறியபோது அந்த அழைப்பும் முடிந்துபோனது. "வெறும் போன்ல நாள் மாத்தினாங்க, வாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல" என்கிற குறை இங்கேதான் பிறக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் அப்பாவையும், நீங்கள் அம்மாவையும், "அத்தை மாமா எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று அழைத்துவிடுங்கள். போன தடவை வருவதாக இருந்தவர்களின் பெயரையோ உறவையோ சொல்லி அழைத்தால் இன்னும் நல்லது.

வந்திறங்கியதும் ஒரு தடவை, "போன வாரமே வர வேண்டியது, எங்களால தள்ளிப்போச்சு, பெரிய மனசு பண்ணி வந்தீங்க" என்று சொல்லுங்கள். அதோடு விட்டுவிடுங்கள். கேசரி கொடுக்கும்போது ஒரு தடவை, காபி கொடுக்கும்போது ஒரு தடவை என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தால், மறந்துபோனவர்களுக்கும் அது நினைவுக்கு வரும். பிராயச்சித்தமாகச் சாப்பாடு போட்டு அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். உறுதியாகாத வீட்டில் கை நனைப்பதில்லை என்று அவர்கள் இருந்தால், வற்புறுத்துவது அவர்களுக்குத்தான் சங்கடம். டிபனோடு நிறுத்திக்கொண்டு, திரும்பும் வழிக்குத் தண்ணீர் பாட்டிலும் பழமும் வண்டியில் வைத்துவிடுங்கள்.

இதுவரை சொன்ன கணக்கு மாறுகிற சந்தர்ப்பங்கள் இரண்டு. பங்காளி வீட்டில் சாவு என்றால் நாள் பார்க்க வேண்டாம், நேரம் பார்க்க வேண்டாம், யார் கையில் போன் இருக்கிறதோ அவர் உடனே சொல்லிவிடலாம். அந்தப் பேச்சில் மட்டும் புது நாளைக் கேட்கவே கூடாது. காரியம் முடிந்து தீட்டுக் கழிந்த பிறகு, 16ஆம் நாளோ உங்கள் வழக்கப்படி எந்த நாளோ, அதற்கு மேல் பேசிக்கொள்ளலாம். யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். பெண் வீட்டுக்கு விலக்காக இருக்கிறாள் என்பது காரணமானால், அதை ஆண்கள் பேச வேண்டாம். நீங்களே பையனின் அம்மாவிடம் ஒரு வரியில் சொன்னால் போதும். ஆனால் அது முன்கூட்டியே ஓரளவு தெரிகிற விஷயம், நாள் குறிக்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது. புது நாள் குறிக்கும் இப்போதும் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பையன் வீட்டுக்காரர்களே இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று. மாற்றிக் கேட்பது நீங்கள் என்றால் கனம் இன்னும் அதிகம். அங்கே வீடு ஒழித்து, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி, தெருவே தெரிந்து, ஒரு பெண் தன்னை மனத்தால் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "வரலையாமே" என்கிற பேச்சு அவள் தலையில்தான் விழும். அதனால் அப்பா பேசியதோடு நிற்காமல், அம்மா கட்டாயம் பெண்ணின் அம்மாவிடம் பேச வேண்டும். புது நாளும் அதே பேச்சில் முடிவாக வேண்டும்.

கடைசியாக, 27, 28 இரண்டுமே அவர்களுக்குத் தோதுப்படவில்லை என்றால் ஆடியைக் கடத்தியாக வேண்டும். அப்போது "ஆவணியில் பார்க்கலாம்" என்று பொதுவாக விடாமல், ஆவணியில் வருகிற ஒரு ஞாயிறைத் தேதியாகவே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆடிப்பெருக்கு அன்று நீங்கள் ஒரு போன், ஆவணி பிறந்ததும் உங்கள் வீட்டுக்காரர் ஒரு போன். அந்த ஒரு மாதத்தில் வேறு ஜாதகம் பார்க்கிறீர்களா என்று தரகர் கேட்பார். இந்த இடத்துக்கு நாள் குறித்திருக்கிறது, அது முடியும் வரை வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அந்தப் பதிலை அவர் கோயம்புத்தூருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.